ஆய்வேட்டின் முழுக்கோப்பைத் தற்காலிகமாக மூடி வைக்கக் கோரும் கடிதம்

அறிவியல் நகர்,
கிளிநொச்சி.
09.06.2025

நூலகர்,
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்,
திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய நூலகர் அவர்கட்கு,

முதுதத்துவமாணி ஆய்வேடு: 'கிளிநொச்சி மாவட்டச் சிறுகுளங்களும் 2018 டிசம்பர் வெள்ளமும்'

விவசாய பீடத்தில் நான் செய்த மேற்படி ஆய்வேட்டின் கட்டிய பிரதியும் மென்பிரதியும் சென்ற மாதம் தங்கள் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. அதன் பிடிஎஃப் கோப்பை 2026 ஜூன் 30 வரை எண்ணிமக் களஞ்சியத்தில் பொதுப் பார்வைக்குத் திறக்காமல் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆய்வேட்டிலிருந்து எழுதிய கட்டுரை அதற்கு முன்பே ஆய்விதழில் வெளிவந்தால் அன்றே அறிவிப்பேன். கோப்பையும் அன்றே திறந்துவிடலாம்.

நான்காம் அத்தியாயத்தைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது மீளாய்வில் இருக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பும் சுருக்கமும் இணையத்தில் இருப்பது பிரச்சினையில்லை, ஆனால் முடிவு வரும்வரை முழு அத்தியாயமும் பொதுவில் இல்லாமல் இருப்பது நல்லது என்று பதிப்பாசிரியர் எழுதியிருக்கிறார். அந்த மின்னஞ்சலின் பிரதி இணைப்பில் உண்டு.

அது மட்டும்தான் காரணமென்றால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். என்னை யோசிக்க வைப்பது அந்த அத்தியாயத்தின் அட்டவணைகள். இரணைமடு போன்ற பெரிய குளங்களின் நீர்மட்டத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் பதிவு இருக்கிறது. கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழுள்ள சிறுகுளங்களில் கலிங்கு எந்த உயரத்துக்குப் பாய்ந்தது, அணைக்கட்டு எங்கே உடைந்தது என்பதையெல்லாம் ஊராரிடம் கேட்டுத்தான் சேர்த்தேன். நெல் களஞ்சியச் சுவரில் காய்ந்திருந்த சேற்றுக்கோடு, வாய்க்கால் கரை மருத மரத்தின் கிளையில் சிக்கிக் கிடந்த உரப்பை, கமக்காரர் ஒருவர் "இந்தளவுக்கு நின்டது" என்று தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டிய இடம்: இவற்றை அளந்து வந்த எண்கள்தான் அவை. எல்லா உயரங்களையும் ஒரே நிலமட்டக் குறியோடு மறுபடி ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லி மீளாய்வாளர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. திருத்தினால் சில எண்கள் மாறும். இன்றைய எண்கள் களஞ்சியத்தில் திறந்திருக்க, மாறிய எண்கள் கட்டுரையில் வந்தால், நாளைக்குக் கலிங்கு ஒன்றைத் திருத்தியமைக்கப் போகிறவர் எதை எடுப்பார்? அநேகமாக இலவசமாகக் கிடைப்பதைத்தான்.

மூடச் சொல்வது கோப்பை மட்டுமே. தலைப்பு, ஆண்டு, மேற்பார்வையாளர் விபரம், தமிழ், ஆங்கிலச் சுருக்கங்கள் எல்லாம் வழக்கம்போலத் தேடலில் வரட்டும். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இதே விடயத்தைத் தொடங்கும் ஒரு மாணவர் இப்படியொரு வேலை நடந்திருக்கிறது என்று அறியாமல் போகக்கூடாது. கட்டிய பிரதியை நூலகத்துக்குள் வாசிக்க யாருக்கும் கொடுக்கலாம். நான்காம் அத்தியாயத்தை மட்டும் அந்தத் திகதிவரை போட்டோப் பிரதி எடுக்க விடாதிருந்தால் போதும்.

தொழில்நுட்ப விடயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தங்கள் உத்தியோகத்தர்களுக்கு இது தெரிந்ததாகவே இருக்கும். டிஸ்பேஸில் பிடிஎஃபுக்கான வாசிப்பு உரிமையைத் தொடக்கத் திகதி போட்டு மூடினாலும், முழுச்சொல் தேடலுக்காக அதிலிருந்து பிரித்தெடுத்த எழுத்துக் கோப்பு ஏற்கெனவே உருவாகியிருந்தால் அது தனியே திறந்து கிடக்கக்கூடும். அதற்கும் அதே திகதியைப் போட்டுவிட்டால் நல்லது. கோப்பு ஏற்கெனவே பொதுவில் வந்திருந்தால் இப்போதைக்கு மூடினாலே போதும். இடையில் யாராவது தரவிறக்கியிருந்தால் அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை.

முழு ஆய்வேட்டையும் மூடுவது நூலக நடைமுறைக்கு ஒத்துவராது என்றால், நான்காம் அத்தியாயமும் அதன் பின்னிணைப்பும் இல்லாத பிரதியொன்றை இந்தக் கிழமைக்குள் தருகிறேன். அதைத் திறந்து, முழுப்பிரதியைத் திகதி வரும்வரை உள்ளே வைத்திருக்கலாம். எனக்கு அதுவும் சரி. மறுபயன்பாட்டு உரிமத்தை மட்டும் இப்போது தெரிவு செய்ய வேண்டாம். திறந்த உரிமம் ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, ஆய்விதழின் உடன்படிக்கையைப் பார்த்த பிறகு அதை நிரப்பித் தருகிறேன்.

தகவல் தந்த கமக்காரர் அமைப்புகளுக்கு அவரவர் குளத்தின் வரைபடத்தையும் தமிழ்ச் சுருக்கத்தையும் அச்சிட்டு நானே கொடுத்துவருகிறேன். ஆகவே இந்தத் தடையால் அவர்களுக்குச் சேர வேண்டியது எதுவும் தாமதமாகாது.

மேற்பார்வையாளரின் சம்மதக் கடிதத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். தடைக்கெனத் தனிப் படிவம் இருந்தால் விவசாய பீட நூலகக் கிளைக்கு அனுப்பிவிடுங்கள், அங்கேயே நிரப்பி ஒப்பமிட்டுத் தருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. கோகிலா
முதுதத்துவமாணி ஆய்வு மாணவி,
விவசாய பீடம், கிளிநொச்சி.

இணைப்பு: பதிப்பாசிரியரின் மின்னஞ்சல் பிரதி, மேற்பார்வையாளரின் கடிதம்.