பதில்: கோடைகால இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் – நன்றியும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் அனுப்பிய மெயில் கிடைத்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் எழுதியதெல்லாம் புலம்பலாகவே வந்ததால் அழித்துவிட்டேன். இரண்டு நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இருந்ததே இரண்டு இடம். அதில் எனக்கு ஒன்று கிடைக்கவில்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் நேரடியாகச் சொன்னதற்கு நன்றி. வேறு இரண்டு அமைப்புகளுக்கும் விண்ணப்பித்திருந்தேன். அங்கிருந்து இன்றுவரை ஒரு வரிகூட வரவில்லை. நேர்காணலின்போது கோத்தகிரியில் கரண்ட் போய் என் இணைப்பு அறுந்ததும், திரும்பி வரும்வரை நீங்களும் உங்கள் களக்குழுவினரும் பத்து நிமிடம் காத்திருந்தீர்கள். அதையும் மறக்க மாட்டேன்.

முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். யோசித்ததில் எனக்கே இரண்டு இடங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, நீங்கள் கொடுத்த பயிற்சி வேலை. அவலாஞ்சி பக்கத்துப் புல்வெளிகளில் சீகை மரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று QGIS-இல் வரைபடம் போடச் சொன்னீர்கள். மேகம் இல்லாத படம் வேண்டும் என்பதற்காக ஜனவரி மாத சென்டினல்-2 படத்தை எடுத்தேன். ஜனவரியில் உறைபனி விழுந்து புல் கருகிக் கிடக்கும் என்பது நீலகிரிக்காரனான எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. காய்ந்த புல்வெளியில் பாதி என் வரைபடத்தில் வெறும் மண்ணாகப் போய்விட்டது. துல்லியம் 91 விழுக்காடு என்று பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா? பயிற்சிப் புள்ளிகளையும் சோதனைப் புள்ளிகளையும் ஒரே சரிவிலிருந்து எடுத்தால் அப்படித்தான் வரும். தவிர, ஒரு பிக்சல் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். புல்லுக்கு நடுவே இப்போதுதான் தலைதூக்கும் சீகைக் கன்றுகள் அதில் தெரிய வாய்ப்பே இல்லை. பரவல் தொடங்குவதே அந்தக் கன்றுகளில்தான், அதைப் பற்றி அறிக்கையில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

இரண்டாவது, சீகையை வெட்டி எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று உங்கள் குழுவில் ஒரு சார் கேட்டார். “புல் திரும்ப வந்துவிடும்” என்றேன். கேள்வி கேட்ட சார் லேசாகச் சிரித்ததைக் கவனித்தேன். அன்று இரவு சாப்பிடும்போது பாட்டியிடம் இதைச் சொன்னேன். “ஏன்டா, நாங்க விறகுக்கு வெட்டின இடத்துலதான் மறுவருஷம் நாத்து விட்ட மாதிரி முளைச்சு நிக்கும்” என்றார். பிறகு தேடிப் படித்தேன். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்குமாம், மரம் போய் வெயில் பட்டதும் கிளம்புமாம். நேர்காணலுக்கு முன்பே பாட்டியிடம் உட்கார்ந்திருக்கலாம்.

மேடம், நான் கேட்க வந்தது இதுதான். இந்த இரண்டும்தான் காரணமா, அல்லது என் கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதாவது இருந்ததா? தேர்வானவர்களிடம் இருந்தது, என்னிடம் இல்லாமல் போனது களப்பழக்கமா, மென்பொருளா, எழுத்தா? என் அறிக்கையின் ஆங்கிலம் தடையாக இருந்ததென்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். பள்ளி முழுக்கத் தமிழ்வழி படித்தவன், அதைச் சொன்னால் வருத்தப்பட மாட்டேன்.

நீளமான பதில் வேண்டாம், இரண்டு வரி போதும். எழுத நேரமில்லை என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். விண்ணப்பத்தில் உள்ள எண்தான். அதற்கு முன்னால் கல்லூரிப் பேருந்தில் இருப்பேன், வழியில் சிக்னல் நிற்காது. உங்கள் அமைப்பின் வழக்கப்படி இப்படிக் கருத்துச் சொல்வதில்லை என்றாலும் சரி, புரிந்துகொள்வேன்.

அப்புறம் இன்னொன்று. அதே வரைபடத்தை மார்ச் மாதப் படத்தை வைத்து மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். காட்டுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை என்பதால், சாலையோரமாகவே நடந்து இதுவரை 23 இடங்களில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்திருக்கிறேன். மொபைலில் எடுத்தவை, சில மீட்டர் முன்பின் இருக்கும். பார்க்க விருப்பம் இருந்தால் முடிந்ததும் அனுப்புகிறேன். அடுத்த ஆண்டு விண்ணப்பம் திறக்கும்போது மூன்றாம் ஆண்டு முடித்தவர்களும் போடலாமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

தேர்வான இருவருக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட சாரிடம், பாட்டி சொன்ன பதிலையும் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
பிரவீன்
வனவிலங்கு உயிரியல், இரண்டாம் ஆண்டு
கோத்தகிரி, நீலகிரி