கண்ணன் பாட்டு: விளக்கக் குறிப்புகளுடன் நூற்பட்டியல்

ஆய்வுக் கட்டுரைத் தலைப்பு: "பாரதியின் கண்ணன் பாட்டில் ராக, ரசக் குறிப்புகள்: உறவு மாறும்போது மாறுவன"

எல்லை: கண்ணனையும் கண்ணம்மாவையும் தந்தை, குழந்தை, காதலி எனப் பல உறவுகளில் வைத்துப் பாடும் கண்ணன் பாட்டின் 23 பாடல்கள் மட்டும். "காற்று வெளியிடைக் கண்ணம்மா", "நின்னையே ரதியென்று" இரண்டும் தனிப்பாடல்கள். கண்ணன் பாட்டில் இல்லை. கண்ணம்மா என்ற பெயரைப் பார்த்ததும் இவற்றையும் இதற்குள் சேர்த்துவிடுவது வழக்கமாக நேரும் பிழை. "சுட்டும் விழிச்சுடர்தான் கண்ணம்மா" நூலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் நூலில் என்ன இருக்கிறது, கட்டுரைக்கு எதற்குப் பயன்படும், எங்கே நம்பக் கூடாது என்ற வரிசையில் செல்கிறது.

மூலங்கள்

பாரதி, சுப்பிரமணிய. கண்ணன் பாட்டு. பரலி சு. நெல்லையப்பர் வெளியீடு, 1917. இரண்டாம் பதிப்பு, 1919.
கவிஞர் உயிரோடிருந்தபோதே வந்த இரு பதிப்புகள் இவை. கட்டுரையின் வாதம் பாடல் தலைப்புக்குக் கீழே உள்ள ஓரிரு வரிகளை நம்பியிருப்பதால் முதலில் பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான். "கண்ணம்மா என் குழந்தை"க்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்ற குறிப்போடு ஸ்வரமும் தரப்பட்டிருக்கிறது. மேடையில் இதே "சின்னஞ்சிறு கிளியே" ராகமாலிகையாகப் பழகிவிட்டதால், கேட்ட மெட்டை வைத்துப் பாரதியின் நோக்கத்தைப் பேசினால் வாதம் தவறிவிடும். "தீராத விளையாட்டுப் பிள்ளை"க்குக் கேதாரம். "கண்ணன் என் தந்தை"க்கு நொண்டிச் சிந்து, பிரதான ரசம் அற்புதம். தந்தைக்கு ஏன் அற்புதம் என்பதுதான் கட்டுரையின் முதல் கேள்வி. இரண்டாம் பதிப்பில் வ.வே.சு. ஐயரின் முன்னுரை உண்டு. அதைப் பாரதியின் கூற்றாக எடுக்காமல், சமகால வாசகர் ஒருவரின் தீர்ப்பாகவே மேற்கோள் காட்ட வேண்டும்.

பாரதி பாடல்கள்: ஆய்வுப் பதிப்பு. தஞ்சாவூர்: தமிழ்ப் பல்கலைக்கழகம், 1987.
மேற்கோள்கள் அனைத்துக்கும் இதுவே அடிப்படைப் பதிப்பு. பாடவேறுபாடு தெரிந்துகொள்ள இங்குதான் வர வேண்டும். மலிவுப் பதிப்புகள் பல ராகக் குறிப்பை விட்டுவிடுகின்றன. சில, சந்தியைத் தம் விருப்பப்படி பிரிக்கின்றன. இரண்டு பதிப்புகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால் ஒரே அடி கட்டுரையில் இரண்டு வடிவத்தில் வந்து நிற்கும்.

சீனி. விசுவநாதன் (பதிப்பாசிரியர்). கால வரிசைப்படுத்தப்பட்ட பாரதி படைப்புகள்.
பாடல்களின் காலத்தைச் சரிபார்க்க. வரிசை காலத்தைப் பின்பற்றுவதால், நூலின் உள்வரிசைக்கு இது ஆதாரமாகாது. பல தொகுதிகள் கொண்டது. தொகுதி எண் இல்லாத அடிக்குறிப்பால் பயனில்லை.

மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு. சொல் தேடுவதற்கு மட்டும். "கண்ண" என்று தேடினால் கண்ணன், கண்ணம்மா இரண்டும் கிடைக்கும். கிடைத்த வரியை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும்.

நினைவுநூல்கள்

யதுகிரி அம்மாள். பாரதி நினைவுகள். 1954.
புதுச்சேரியில் சிறுமியாகப் பாரதியை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியது. பாட்டு வீட்டில் எப்படிப் பாடப்பட்டது என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் இடையில் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஆதாரமாக்கக் கூடாது.

வ.ரா. மகாகவி பாரதியார். 1944. அன்பின் மிகுதியில் எழுதப்பட்டது; சூழலுக்குப் பயன்படும், தேதிக்குப் பயன்படாது.

திறனாய்வு

கு.ப. ராஜகோபாலன், பெ.கோ. சுந்தரராஜன் (சிட்டி). கண்ணன் என் கவி. 1937.
பாரதி மகாகவியா என்ற விவாதத்தின் சூட்டில் பிறந்த நூல். தலைப்பைப் பார்த்துக் கண்ணன் பாட்டுக்கு உரை என்று நினைத்துவிடக் கூடாது; பேச்சு பாரதியின் கவிதை முழுவதையும் பற்றியது. கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் இடம் தேவையில்லை.

க. கைலாசபதி. இரு மகாகவிகள். 1962.
தாகூரையும் பாரதியையும் ஒப்பிடுவது. சமூகப் பின்னணியை முன்வைக்கும் இந்தப் பார்வை, ராகத்தையும் ரசத்தையும் முன்வைக்கும் நம் வாசிப்புக்கு எதிர்த்திசையில் நிற்கிறது. அதனாலேயே பட்டியலில் இருக்கிறது: பக்தி மரபை மட்டும் பேசிவிட்டு முடித்தால் எழக்கூடிய மறுப்பு எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே காட்டும்.

ஆ.இரா. வேங்கடாசலபதி. பாரதி: கவிஞனும் காப்புரிமையும். 2015.
பாரதி எழுத்துகளின் உரிமை தனியார் கைகளுக்குப் போய், 1949இல் அரசுடைமையான வரலாறு. கவிதை வாசிப்புக்கு நேரடித் தொடர்பில்லை. பாரதி பாடல்களைப் பதிப்பிக்கும் உரிமை யார் யாரிடம் இருந்தது என்பதை விளக்க வேண்டிய அடிக்குறிப்பு ஒன்றுக்குப் போதுமானது.

விலக்கியவை

விட்மனையும் பாரதியையும் ஒப்பிடும் ஆய்வுகளின் கனம் வசன கவிதையில் இருப்பதால் சேர்க்கவில்லை. பள்ளி, கல்லூரி உரைநூல்களும் இல்லை; அவை சொல்லும் பொருள் விளக்கத்துக்கு மூல ஆதாரம் தரப்படுவதில்லை. ஆழ்வார் பாசுரங்களோடு ஒப்பீடு கட்டுரைக்குள் வருமானால், பெரியாழ்வாரின் பிள்ளைத்தமிழ்ப் பகுதி மட்டும் மூலமாகச் சேரும்.