முதல் நோடு

லேப் ப்ரோக்ராமை அப்லோட் செய்ய இரவு 12 மணி வரைதான் நேரம். மணி 10:40. கதிர் எழுதிய லிங்க்டு லிஸ்ட் நடுவில் இருக்கும் எண்ணை ஒழுங்காக அழித்தது, கடைசி எண்ணையும் அழித்தது, முதல் எண்ணை அழிக்கச் சொன்னால் மட்டும் திரையில் குப்பை எண்களாகக் கொட்டியது.

"விடுடா, பவித்ரா அனுப்பின கோடு என் போன்ல இருக்கு" என்றான் முரளி. அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. "பேரை மாத்து, `for` இருக்கற இடத்துல `while` போடு, பத்து நிமிஷ வேலை."

"பார்த்துப் புரிஞ்சுக்கோன்னுதானே அனுப்பினா?"

"எல்லாரும் செய்யறதுதான்டா. இந்த லேப்ல மார்க் போனா இன்டர்னல் போயிடும். உனக்குப் பரவாயில்ல, எனக்கு ஏற்கெனவே ரெண்டு லேப் பெண்டிங்."

அது உண்மைதான், கதிரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "மாஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. வேரியபிள் பேரையும் இடைவெளியையும் அது கண்டுக்காது, கோடோட அமைப்பைத்தான் ஒப்பிடும். அதை விடு, சாரே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாலும் தெரிஞ்சிடும். மாட்டினா யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு கேட்க மாட்டாங்க, ரெண்டு பேருக்கும் பூஜ்யம். ராத்திரி கண்முழிச்சு எழுதினது அவடா."

முரளி போனை எடுத்தான், வைத்தான். "சரி, நீயே சொல்லு, உன்னோடது ஏன் ஓட மாட்டேங்குது?"

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு விளக்கம் சொல்லலாமென்று ஒரு தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து, `main`-இல் இருக்கும் `head`-இலிருந்து முதல் பெட்டிக்கு அம்புக்குறி போட்டபோதுதான் கதிரின் பேனா நின்றது. ஃபங்ஷனுக்குள் போவது `head`-இன் நகல். அங்கே அதை அடுத்த நோடுக்கு நகர்த்தினாலும், `main`-இல் இருப்பது `free` செய்த பழைய இடத்தையேதான் காட்டிக்கொண்டிருக்கும்.

```c
void del(struct node **head, int x)
```

உள்ளே `head` வந்த இடமெல்லாம் `(*head)` ஆனது, கூப்பிடும் இடத்தில் `&head`. ஓட்டினான். முதல் எண் போய், மீதி நான்கும் வரிசையாக வந்தன.

"இப்ப உன்னோடதைத் தரியா?" என்றான் முரளி.

"அதுவும் காப்பிதானே. தாளை எடுத்துக்கோ. நீ டைப் பண்ணு, நான் பக்கத்துல உட்கார்றேன்."

முரளி முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்தான். 11:55 வரை அவனுக்கு `insert`, `display` இரண்டும்தான் முடிந்தன. `del` இருக்க வேண்டிய இடத்தில் "முடிக்கவில்லை" என்று ஒரு கமெண்ட் போட்டுவிட்டு அப்லோட் செய்தான்.

"வைவாவுல டெலிட் பத்திக் கேட்டா?"

"தாள்ல இருக்கறதை வரைஞ்சு காட்டு."

"அப்ப இன்னொரு தடவை சொல்லிக் குடு, அந்த ரெண்டு நட்சத்திரம் எதுக்கு?"