செவலி வெளுத்தது

ஆடியில எங்க மாடு போட்ட கன்னு நல்லாச் செவப்பா இருந்துது. தொண்டுப்பட்டியில மத்ததெல்லாம் வெள்ளையும் சாம்பலும். அதனால நாந்தான் செவலின்னு பேரு வெச்சேன். அண்ணன் ஜிம்மின்னான். ஜிம்மி நாயிக்கு வெக்கறது.

பொங்கலுக்கு முன்னாடி செவுத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சாங்க. மட்டையத் தொடாதேன்னு அம்மா சொன்னாங்க. தொட்டேன். பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பாங்க, செவலிக்குக் கொம்பே மொளைக்கல. அதுக்குக் கழுத்துல ஒரு கோடு போட்டேன். ஒன்னுதான். பொறவு பாவாடையில தொடச்சுட்டேன்.

நாலஞ்சு நாள்ல கழுத்து வெளுத்துருச்சு. பொறவு வவுறு. சுண்ணாம்பு உள்ள எறங்கிருச்சு.

தண்ணி ஊத்தித் தேச்சேன், போகல. செங்கப்பொடி போட்டேன், நக்கீட்டுது. தேங்காயெண்ணெ தேச்சாச் சரியாவும்னு நெனச்சேன். மார்கழியில அது உறைஞ்சு கெடக்கும், வெயில்ல வெச்சு உருக்குனேன். அரைப் புட்டி ஆயிருச்சு. செவலி மினுமினுன்னு இருந்துது, ஆனா வெள்ளையாவே மினுமினுன்னு இருந்துது.

அன்னிக்கு வெள்ளகோயில் பக்கமிருந்து ஒரு மாமா வந்தாரு. செவலியத் தடவிப் பாத்துட்டு, "மயிலைக்கு வந்துருச்சுங்களே"ன்னாரு. எனக்கு வவுத்தக் கலக்கிருச்சு. கையில எண்ணெ ஒட்டிருக்கும், மோந்து பாத்தாத் தெரிஞ்சுரும். அவரு மோக்கல, வேட்டியில தொடச்சுக்கிட்டாரு.

"கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டீட்டு வாரீங்களா?"

"கெடேரியக் குடுக்கறதில்லீங்க"ன்னாங்க அப்பாரு.

அவரு போனதுக்கப்புறம் கேட்டேன். "அப்பாரு, செவலி ஏனுங் வெளுக்குது?"

"ஆறு மாசமாச்சில்ல கண்ணு. காங்கயம் கன்னு செவப்பாப் பொறக்கும், பொறவு மயிலையாயிரும். இதும் அம்மாக்காரியும் அப்பிடித்தான்."

"அதுக்கு ஆருங் பூசுனது?"

"என்னத்தப் பூசறது?"

"ஒன்னுமில்லீங்."

அப்பாரு தட்டுப்போர்ப் பக்கமாப் போனாங்க. நானும் பொறத்தாலயே போனேன். அம்மாக்காரி செவப்பா இருந்ததப் பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேன்னாங்க. ஆரும் சுண்ணாம்பு அடிக்கலியான்னு கேட்டேன். தட்ட உருவிக்கிட்டே, இல்லைன்னாங்க. அப்பாரு பொய் சொல்ல மாட்டாங்க. மாத்தரை சாப்புட்டாச்சான்னு கேட்டா மட்டுந்தான் சொல்லுவாங்க.

"பேர மாத்தோணுமுங்களா?"

"எதுக்கு? கூப்புட்டா வருதில்ல."

வராது. தவுடு வெச்சிருந்தாத்தான் வரும். அத நான் சொல்லல.

"பட்டிப் பொங்கலுக்குச் செவலிக்குச் சலங்கை வாங்கித் தாரீங்களா?"

"காசு அம்மாகிட்டத்தான் இருக்குது. கேளு."

அம்மா அடுப்படியில இருந்தாங்க. ரெண்டு நாளா எண்ணெப் புட்டியத் தேடிக்கிட்டு இருக்கறாங்க. அது என்ற புத்தகப் பையில இருக்குது. கணக்கு நோட்டு பூராம் எண்ணெ.

அண்ணன உட்டுக் கேக்கச் சொல்லலாமுன்னு இருக்கறேன்.