ஆண்டு வேலை மதிப்பீடு: அறுவடை மண்டோர், 2-ஆம் டிவிஷன்

இடம்: தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனைத் தோட்டம்
காலம்: 2024 ஜனவரி – டிசம்பர்
மதிப்பிட்டவர்: உதவி மானேஜர்
நேரில் பேசிய நாள்: 9.1.2025

மண்டோர் அவர்களுக்கு,

விளைச்சலில் உங்களுக்கு 5-க்கு 5. உங்கள் 162 ஹெக்டரில் ஹெக்டருக்கு 24.1 டன் வந்திருக்கிறது, பட்ஜெட் 22.5 தான். வரத்து அதிகமான செப்டம்பர், அக்டோபரில்கூட அறுவடைச் சுற்று 11 நாளைத் தாண்டவில்லை. வெட்டிய குலை அன்றைக்கே ஆலைக்குப் போனது. மற்ற டிவிஷன்களில் இப்படி நடக்கவில்லை. இந்த வேலைக்குரிய போனஸ் முழுதாகக் கிடைக்கும்; கீழே எழுதியிருப்பதால் அதில் ஒரு ரிங்கிட்கூடக் குறையாது.

ஆள் நடத்தும் விதத்தில் 5-க்கு 2. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு "நல்லது" என்று எழுத எனக்கு மனமில்லை. தனித்தனியாகவே நிற்கட்டும். நீங்கள் முன்கோபக்காரர் என்று எழுதி முடிப்பதும் சரியில்லை. குணத்துக்கு மார்க் போட முடியாது, நடந்ததற்குத்தான் போட முடியும்.

பெரட்டில் காய்க்குலையைத் தூக்கிக் காட்டி, வெட்டியவரின் பெயரைச் சொல்லி, எல்லார் முன்னிலும் ஏசுவது வழக்கமாகிவிட்டது. ஆகஸ்டிலிருந்து கிராணி பெரட்டில் நின்ற 12 நாளில் 9 நாள் இதைக் குறித்திருக்கிறார். அதன் விளைவு செப்டம்பர் 18-இல் தெரிந்தது. மேட்டுப் பகுதி நிரை ஒன்றில் ஓலை அடுக்கைப் புரட்டியபோது அடியில் 11 காய்க்குலைகள் இருந்தன. வெட்டிய கையே மறைத்து வைத்தது. பக்கத்து மரங்களில் நன்றாகப் பழுத்த குலைகள் வெட்டாமல் நின்றன, மரத்தடி வட்டத்தில் உதிரிப்பழம் கொட்டிக் கிடந்தது. காய் வெட்டினால் மானம் போகும் என்று பயந்தவர், சந்தேகமான குலையை அடுத்த சுற்றுக்கு விட்டுவிடுகிறார். அது அளவுக்கு மேல் பழுத்து, எண்ணெயில் அமிலம் கூடி ஆலைக்குப் போகிறது. ஏசினால் காய்வெட்டு நிற்கும் என்கிறீர்கள். நிற்கவில்லை, ஓலைக்கடியில் போய்விட்டது.

மேட்டுப் பகுதியும் உயர மரமும் யாருக்கு என்பது இரண்டாவது. செக்ரோலைப் பார்த்தால், ஜூலையில் உங்களிடம் கேள்வி கேட்ட இருவருக்கே அடுத்த எட்டு சுற்றில் ஆறு சுற்று மேடு விழுந்திருக்கிறது. டன்னுக்குக் கூலி வாங்குகிறவருக்கு இது நேராகச் சம்பளக் குறைப்பு.

விடுப்புத் துண்டும் உண்டு. தீபாவளி அக்டோபர் 31. மறுநாள் விடுப்புக்காக ஒருவர் 24-ஆம் தேதி கொடுத்த துண்டு 30-ஆம் தேதி மாலைதான் ஆபீசுக்கு வந்தது.

ஆண்டுக்குள் 14 அறுவடைக்காரர்களில் நால்வர் டிவிஷன் மாற்றம் கேட்டார்கள். அதில் மூவர் உயர மரம் வெட்டப் பழகிய கைகள். புதியவர் அந்த வேகத்துக்கு வர மாதக் கணக்காகும். அந்த நட்டம் 2024 கணக்கில் இல்லை, 2025-இல் உங்கள் டன்னில்தான் வரும்.

உங்கள் பதிலையும் பதிவு செய்கிறேன்: "நான் சத்தம் போடாவிட்டால் சுற்று 15 நாளுக்குப் போயிருக்கும், லாரியும் பிந்துகிறது, ஆளும் இரண்டு குறைவு." லாரியும் ஆளும் நியாயமான குறைதான். பிப்ரவரிக்குள் ஓர் ஆள் தரப்படும். லாரி காலை 10 மணிக்குள் முதல் நடைக்கு வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். சத்தம் பற்றிச் சொன்னதை ஏற்கவில்லை.

ஏப்ரல் 15 வரை எதிர்பார்ப்பது இது. பெரட்டு பத்து நிமிடம், வேலை பிரிப்பதோடு சரி. காய்வெட்டை அன்றே அந்த நிரையிலேயே, வெட்டியவரிடம் தனியாகக் காட்டுங்கள். வட்டத்தில் எத்தனை பழம் உதிர்ந்த பிறகு வெட்டலாம் என்பதைக் குலையைக் காட்டியே சொல்லுங்கள். மேடும் சமதளமும் முறை வைத்துப் பிரிக்கப்படும், நோட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். விடுப்புத் துண்டு கிடைத்த அன்றே ஆபீசுக்கு. கிராணி வாரம் இரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், பெரட்டில் நிற்பார். மாதம் ஒருமுறை ஆறு தொழிலாளர்களிடம் நானே தனித்தனியாகப் பேசுவேன். யார் என்ன சொன்னார் என்று தேடாதீர்கள்; தேடினால் அதுவே பெரிய குற்றமாகும்.

கிராணி வேலைக்கு உங்களைப் பரிந்துரைப்பது அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. இரண்டு டிவிஷன் ஆட்களைக் கையாளும் இடம் அது. இந்த மதிப்பீடு தண்டனைக் கடிதம் இல்லை. பெரட்டில் ஏசுவது தொடர்ந்தால் விளக்கம் கேட்டு வேறு கடிதம் வரும். 1955 வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, முறையான விசாரணைக்குப் பிறகே நடவடிக்கை.

முதல் சந்திப்பு பிப்ரவரி 6, மாலை 3 மணி, டிவிஷன் ஆபீஸ். முறை நோட்டைக் கொண்டு வாருங்கள். எதிலாவது உடன்பாடில்லை என்றால் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுங்கள், இதோடு சேர்த்து ஃபைலில் வைக்கப்படும். கீழே போடும் கையெழுத்து படித்ததற்கு மட்டும், ஒப்புக்கொண்டதற்கு அல்ல.