கறை

சூட்கேஸைக் கதவு நிலையில் தொங்கும் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள், "அம்மா, 32 கிலோ. ரெண்டு கிலோ எடுக்கணும்." தராசு ரப்பர் ஷீட் எடுக்கும் அண்ணாச்சியிடம் இரவல் வாங்கியது. ஷீட் விற்கப் போகும்போது எப்போதும் குறைத்துக் காட்டும் தராசு, இன்றைக்குப் பார்த்துக் கூட்டிக் காட்டுகிறது. சரி, அதை விடுங்கள்.

உள்ளே நேந்திரங்காய் சிப்ஸ், மரச்சீனி வத்தல், முந்திரிக்கொத்து, ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய், அப்புறம் மூன்று சேலை. மகளின் கை நேராகச் சேலைக்குத்தான் போனது. "அங்க போய் நைட்டியும் சுடிதாரும்தானே போடப் போற. இதுல எல்லாத்துலயும் கறை வேற."

கறைதான். குலசேகரம் பக்கம் பிறந்தவளின் துணியில் கறை இல்லாவிட்டால் அவள் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

அடியில் கிடக்கும் நீல நைலக்ஸ் அம்மாவுடையது. அம்மா அண்டி ஆபீஸில் தோடு உடைத்தாள். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், அதற்காகச் சாம்பலைத் தொட்டுக்கொண்டே உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துத்தான் இருக்கும். சாயங்காலம் வெளியே விடும்போது பருப்பு முடிந்து வைத்திருக்கிறார்களா என்று வாசலில் முந்தியை உதறிக் காட்டச் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போடுவதற்கு முன்னால் கழுவிய கையை அந்த முந்தியில் இன்னொரு தடவை துடைப்பாள். துடைத்த இடம் மட்டும் பழுப்பாக, கையகலத்துக்கு அப்படியே இருக்கிறது. எத்தனை சோப்புக்கும் அசையவில்லை.

கசவு வைத்த பாலராமபுரம் சேலை மைனியுடையது. அண்ணன் மகள் முதல் நற்கருணை வாங்கிய ஆதிநன்மைக்குக் கட்ட இரவல் வாங்கினேன், விருந்துக்கு வாழைக்குலை வெட்டிய இடத்தில் போய் நின்றேன், கொசுவம் முழுக்க வாழைக்கறை. பயந்துபோய்ப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போதும் விடுப்பில் வரும்போதெல்லாம், "ஏன் பிள்ளே, எனக்க அந்தச் சேல எங்க?" என்பாள். குவைத்தில் இருக்கிறது என்பேன். உண்மைதானே!

மூன்றாவது மாம்பழ மஞ்சள் சின்னாளப்பட்டி. கல்யாணம் முடிந்து நான்காம் நாள், ரப்பர் பால் எடுக்க நானும் வருகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு இவரோடு தோட்டத்துக்குப் போனேன். சிரட்டையைக் கவிழ்க்கத் தெரியாமல் கவிழ்த்து மடியில் ஊற்றிக்கொண்டேன். இவர் பதறி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் ஒன்றாக இருந்த கறை நாலாகப் பரவியது. "வீட்டுல சொல்லாத பிள்ளே" என்று கெஞ்சினார். கொட்டியது நான், கெஞ்சியது அவர்! இப்போதும் அந்த இடம் கறுத்து, பிள்ளைகளின் அழிரப்பர் மாதிரி மொத்தமாக இருக்கிறது. நகத்தால் கிள்ளினால் கொஞ்சம் இழுபட்டு, விட்டதும் ஒட்டிக்கொள்ளும். நான் கிள்ளிக் கிள்ளி ஒரு ஓரம் போய்விட்டது.

2011-இல் ஷீட் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் போனது. அந்தத் தெம்பில்தான் கடன் வாங்கி வீட்டை எடுத்தோம். விலை பாதிக்கும் கீழே இறங்கியபோது வாசல் நிலைதான் வைத்திருந்தோம். 2016-இல் நான் விமானம் ஏறினேன். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசைக்கு விடுவார்கள். அன்றைக்கு மூன்றில் ஒன்றைக் கட்டுவேன். மற்ற நாட்களில் ராத்திரி, வேலை முடிந்தபின் எடுத்து மடிப்பை மாற்றி வைப்பேன், ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் விட்டுப்போகும் இல்லையா.

"அப்ப கல்யாணப் பட்டை எடுத்துட்டுப் போ, அது நல்லா இருக்குல்ல" என்றாள் மகள். "அது பீரோவுல இருக்கட்டும் மக்களே, நீ கட்டு" என்றேன். தேங்காய் எண்ணெயை எடுத்து வெளியே வைத்தேன், வத்தல் பொட்டலத்தையும். முள் முப்பதில் நின்றது.

பதினொரு மணிக்குக் கார் வந்து ஹாரன் அடித்தது. திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டும். இவர் காலைப் பாலை உறைய ஊற்றிவிட்டு அப்போதுதான் ஓடி வந்தார், வந்த வேகத்தில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"கை கழுவியாச்சா?"

"கழுவியாச்சு, கழுவியாச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கழுவவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.