சர்வேயர் அழைப்பின் சுருக்கம்: துவரங்குறிச்சி அருகே 12.10.2024 அன்று நடந்த கார் விபத்து

சார், வணக்கம். 15.10.2024 செவ்வாய்க்கிழமை மாலை இன்ஷூரன்ஸ் சர்வேயர் பேசியதன் பதிவை முழுவதும் கேட்டுவிட்டு எழுதுகிறேன். பதிவு 14 நிமிடம் 20 விநாடி. தானும் பதிவு செய்வதாக அவர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். ஆக இதே பேச்சு அவரிடமும் இருக்கிறது. லைனில் இருந்தவர்கள் நீங்கள், சர்வேயர், ஒர்க்‌ஷாப் அட்வைசர் மூவரும். அவர் கண்ணால் பார்த்ததையும் நீங்கள் வாயால் சொன்னதையும் கலக்காமல் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். கிளெய்ம் படிவத்தில் கையெழுத்து போடுவதற்கு முன் இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன.

வண்டியும் பாலிசியும்

1,197 சிசி பெட்ரோல் கார், 2021 ஜூன் பதிவு. ஜூன் மாதம் புதுப்பித்த பேக்கேஜ் பாலிசி, வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. 4,60,000 ரூபாய், கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடியான என்.சி.பி. 35 சதவீதம். நில் டிப்ரிசியேஷன், இஞ்சின் பாதுகாப்பு, சாலையோர உதவி ஆகிய மூன்றும் இந்த ஆண்டு எடுக்கவில்லை. கீழே வரும் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான்.

சர்வேயர் பார்த்தவை

அன்று காலை திருச்சி ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் மாலை பேசினார். வலது முன்பக்கம்தான் அடி. பம்பர் கிழிந்திருக்கிறது, வலது ஹெட்லைட் உடைந்திருக்கிறது, ஃபெண்டர் மடங்கியிருக்கிறது. வலது முன்சக்கரத்தின் அலாய் ரிம் விளிம்பு நசுங்கி, டயரின் பக்கச்சுவர் வெட்டுப்பட்டிருக்கிறது. அடியில் லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது, கிராஸ் மெம்பரில் இடித்த தடம் தெரிகிறது, ஆயில் சம்ப்பில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். ரேடியேட்டரும் ஒழுகுகிறது. ஏர்பேக் விரியவில்லை, முன்கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டுக்கு ஒதுங்கி சென்டர் மீடியனில் ஏறியதாக நீங்கள் சொன்னதற்கும் இந்தச் சேதத்துக்கும் பொருத்தம் சரியாக இருக்கிறது என்று 3:15-ல் தெளிவாகவே சொன்னார். இது உங்களுக்குச் சாதகமான பேச்சு.

இடது பின்கதவு வேறு கதை. அந்தக் கீறலுக்குள் துரு ஏறியிருக்கிறது, மேலே பழைய பாலிஷ் படிந்திருக்கிறது என்றார். அவர் சொன்னது அப்படியே: “மூணு நாள்ல இந்தத் துரு வராது சார்.” அட்வைசர் இதற்கு மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

இஞ்சினுக்குள் அவர் இன்னும் பார்க்கவில்லை. சம்ப்பில் ஆயில் சுத்தமாக இல்லை, கையால் சுற்றினால் இஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. இவ்வளவுதான் அவர் குறித்துக்கொண்டது. தான் வராமல் சம்ப்பைக் கழற்றக் கூடாது என்று அட்வைசரிடம் இரண்டு தடவை சொன்னார்.

நீங்கள் சொன்னவை

சனிக்கிழமை இரவு சுமார் 8.40-க்கு மதுரையிலிருந்து திருச்சி திரும்பும் வழியில், துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மாடு குறுக்கே வந்தது. அதன் மேல் இடிக்காமல் வலது பக்கம் ஒடித்ததில் மீடியன் கட்டையில் ஏறியது. யாருக்கும் காயம் இல்லை. மீடியனில் பெயின்ட் உரசியது தவிரச் சேதம் இல்லை. போலீசுக்குத் தகவல் தரவில்லை. இதெல்லாம் பதிவில் முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கிறது. மற்ற மூன்று விஷயங்களில்தான் கவனம் தேவை.

முதலாவது, ஓட்டியது யார். ஞாயிற்றுக்கிழமை இலவச எண்ணில் தகவல் சொன்னபோது ‘ஓட்டுநர்: உரிமையாளர்’ என்று பதிவாகியிருக்கிறது. இந்த அழைப்பில் 6:40-ல் நீங்கள் “மாட்டைப் பார்த்ததும் தம்பி பிரேக்க அழுத்திட்டான்” என்றீர்கள். சர்வேயர் உடனே “வண்டி ஓட்டினது உங்க பையனா சார்?” என்று கேட்டார். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு “ஆமா, அவன்தான்” என்றீர்கள். அவர் அதட்டவில்லை, குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். படிவத்தில் மகன் பெயரையே எழுதுங்கள் சார். அவருக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது, உங்கள் சம்மதத்தோடு ஓட்டினார், பாலிசி அதைத் தாராளமாக ஏற்கும். தவறான பெயரை எழுதிக் கையெழுத்து போட்டால்தான், ஒழுங்காக வரவேண்டிய பணத்துக்கும் மறுப்புக் கடிதம் வரும். முதலில் தந்த தகவலைத் திருத்தி நான்கு வரிக் கடிதம் ஒன்று வையுங்கள். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.

இரண்டாவது, இடித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது. அதிகப் பணம் தொங்கிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியில்தான். 8:05-ல் “சிவப்பு லைட் எரிஞ்சுது, பக்கத்துல இருந்த பெட்ரோல் பங்க் வரைக்கும் மெதுவா கொண்டு போயிட்டோம்” என்கிறீர்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டதும் “ஒரு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்”. 11:30-ல் அவர் திரும்பக் கேட்டபோது “ஓரம் கட்டினதுதான், ஓட்டல” என்கிறீர்கள். இரண்டும் பதிவில் இருக்கின்றன. கட்டையில் மோதி சம்ப் உடைந்தது விபத்துச் சேதம், அதற்கு இழப்பீடு உண்டு. ஆயில் இல்லாமல் ஓட்டியதால் உள்ளே பேரிங் தேய்ந்தாலோ இஞ்சின் பிடித்துக்கொண்டாலோ, அது விபத்தைத் தொடர்ந்து வந்த இழப்பு. சாதாரண பேக்கேஜ் பாலிசியில் அதற்கு இடமில்லை, இஞ்சின் பாதுகாப்பும் நம்மிடம் இல்லை. சர்வேயரும் 12:10-ல் இதையே சொன்னார்: “சம்ப்ப நான் எழுதறேன். உள்ள என்ன ஆயிருக்குன்னு பிரிச்சுப் பார்த்துதான் சொல்ல முடியும்.” மகனோடு உட்கார்ந்து நடந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். எது நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். டோ வண்டிக்காரர் பில்லில் வண்டியை எடுத்த இடம் எழுதியிருப்பார். அதற்கு மாறாகப் படிவம் இருந்தால் மற்ற விஷயங்களில் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

மூன்றாவது, பின்கதவு. பின்னால் வந்த பைக் ஒன்று உரசிவிட்டுப் போனதாகவும், ஓட்டியவர் விழவில்லை என்றும் சொன்னீர்கள். உரசியது உண்மையானாலும் அந்தக் கீறல் அதனால்தான் வந்ததா என்பது சர்வேயரின் கேள்வி. பேச்சுவாக்கில் “முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு எடுத்த படம் இருக்கு, அதுல கதவு நல்லாத்தான் இருக்கும்” என்றீர்கள். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்புவதற்கு முன் நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். கதவு சுத்தமாக இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கீறல் அதிலேயே இருந்தால், “நினைவு தவறிவிட்டது, கதவை எடுத்துவிடுங்கள்” என்று எழுதிவிடலாம். 7,500 ரூபாய் கதவுக்காக மற்றதைச் சந்தேகத்தில் விடுவது நியாயமில்லை.

கேட்கும் தொகை

எஸ்டிமேட் வரி சேர்த்து 1,05,500 ரூபாய். இதில் கதவு 7,500. இஞ்சின் வேலை இதில் சேரவில்லை. கதவைத் தள்ளினால் 98,000: உலோகப் பாகங்கள் 42,000, பிளாஸ்டிக்கும் டயரும் 26,000, பெயின்ட் 16,000, கூலி 14,000.

வண்டிக்கு மூன்று வயது தாண்டி நான்கு ஆகாததால் உலோகத்தில் 25 சதவீதம் தேய்மானம், அதாவது 10,500. பிளாஸ்டிக், ரப்பர், டயருக்குப் பாதி, 13,000. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதி, 2,000. கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 26,500 உங்கள் கையிலிருந்து, மீதி 71,500 கம்பெனியிலிருந்து. எஸ்டிமேட்டை அவர் அப்படியே ஏற்றால்தான் இந்தக் கணக்கு. கூலியைக் கொஞ்சம் குறைப்பேன் என்றார், கழற்றிய பழைய பாகங்களுக்கும் சிறு தொகை கழியும்.

டோ செலவு 3,800 முழுவதையும் கேட்டீர்கள். உங்கள் பாலிசி வாசகப்படி விபத்து இடத்திலிருந்து எடுத்துச் செல்ல 1,500 ரூபாய்தான் உச்சவரம்பு. அதைத் தருவதாகச் சொன்னார், மேலே கேட்டுப் பயனில்லை. என்.சி.பி. போய்விடுமா என்றும் கேட்டீர்கள், அது ஆபீஸ் வேலை என்று விட்டுவிட்டார். நான் சொல்கிறேன்: 2025 ஜூனில் புதுப்பிக்கும்போது 35 சதவீதத் தள்ளுபடி இருக்காது. அப்படியிருந்தும் இந்தத் தொகைக்குக் கிளெய்ம் போடுவதுதான் லாபம்.

கேட்ட ஆவணங்கள்

ஆர்.சி., பாலிசி நகல், மகனின் லைசென்ஸ் மூன்றும் டிஜிலாக்கரிலிருந்து எடுத்தாலே போதும் என்றார். கையெழுத்திட்ட கிளெய்ம் படிவம், டோ பில், உங்கள் பான், ஆதார் நகல்கள் வேண்டும். ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்துக் கொடுங்கள்.

சம்பவம் நடந்ததை உங்கள் மகன் தன் கையால் எழுதித் தர வேண்டும், நீங்கள் எழுதினால் ஏற்க மாட்டார். நேரம், வேகம், மாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே நிறுத்தினார், பைக் உரசியது, அந்த ஆளுக்குக் காயம் உண்டா இல்லையா, எல்லாம் அதில் வரட்டும். யாருக்கும் காயமில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதனால்தான் எஃப்.ஐ.ஆர். தேவையில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டில் 12-ம் தேதிப் பக்கம் வேண்டும். சிட்டம்பட்டி டோலைத் தாண்டிய நேரம் அதில் இருக்கும், நீங்கள் சொன்ன 8.40 அதோடு பொருந்த வேண்டும். இடத்தில் மகன் எடுத்த படங்களையும் பூஜைப் படத்தையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஒரிஜினல் ஃபைலாகவே மெயிலில் அனுப்பச் சொன்னார், எடுத்த நேரம் அதில்தான் தெரியும். கடைசி இரண்டு சர்வீஸ் பில்களையும் கேட்டிருக்கிறார். தயங்காமல் கொடுங்கள், ஆயில் ஒழுங்காக மாற்றி வந்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

கேஷ்லெஸ் என்பதால் ரிப்பேர் பில்லுக்கு நீங்கள் அலைய வேண்டாம், ஒர்க்‌ஷாப்பே அனுப்பும். மாற்றிய பழைய பாகங்களை அவர் மறுபடி வந்து பார்க்கும்வரை தூக்கிப் போடக் கூடாது என்று அட்வைசரிடம் நானும் சொல்லிவிட்டேன்.

17-ம் தேதி வியாழக்கிழமை காலை 11 மணிக்கு சர்வேயர் முன்னிலையில் சம்ப்பைக் கழற்றுகிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். திருத்தக் கடிதத்தையும் அவர் எழுதிய வாக்குமூலத்தையும் அங்கேயே நேரில் கொடுத்துவிடலாம். பத்தரைக்கே நான் ஒர்க்‌ஷாப்பில் இருப்பேன்.